சாட்பாட் எழுதிய தமிழ் அறிவிப்பைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் உள்ளகப் புகார்க் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். குழுவைப் பற்றிய விவரத்தை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அறிவிப்பு தயாராக இருந்தது. அதைத் தமிழாக்க இப்போது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், சாட்பாட்டில் போட்டேன். அரை நிமிடத்தில் பிழையில்லாத தமிழ் வந்தது. பிழையில்லாமல் வந்ததாலேயே அதை அப்படியே ஒட்டப் பார்த்தேன்.

ஒட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்தோம். தமிழை மறுபடி ஆங்கிலத்துக்குப் பெயர்த்து மூலத்தோடு ஒப்பிட்டது ஒன்று. ஆங்கிலத்தையே பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் படிக்கக் கொடுத்துக் கேட்டது இன்னொன்று. முதல் சோதனையில் தெரிகிற பிழை இரண்டாவதில் தெரிவதில்லை, இரண்டாவதில் தெரிவது முதலாவதில் தெரிவதில்லை. இரண்டையும் எப்படிச் செய்வது என்று அந்த அறிவிப்பை வைத்தே சொல்கிறேன்.

மூலத்தை எண் போட்டுப் பிரிப்பது

முழு அறிவிப்பையும் ஒரே மூச்சில் கொடுத்தால், எந்த வாக்கியம் எங்கே போனது என்று பின்னால் தேட வேண்டிவரும். ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று பிரித்து எண் போடுங்கள். வழவழவென்று நீளும் ஆங்கில வாக்கியத்தை மொழிபெயர்ப்புக்கு முன்பே இரண்டாக வெட்டிவிடுங்கள். எங்கள் அறிவிப்பின் முக்கியமான ஐந்து வரிகள் இவை:

```
1. An aggrieved woman may complain to any member of the Committee.
2. Complain within three months of the incident.
3. Your identity will be kept confidential.
4. A complaint that cannot be proved will not be treated
   as false for that reason alone.
5. If you cannot write, a member will help you.
```

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொது அறிவிப்பைச் சாட்பாட்டில் போடலாம். ஒரு பெண் எழுதிக் கொடுத்த உண்மையான புகாரை, மொழிபெயர்க்கத்தானே என்று ஒருபோதும் அதில் போடாதீர்கள். புகாரில் இருப்பதும் அவர் யார் என்பதும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். பெயரை அழித்துவிட்டுப் போட்டாலும், எந்த செக்‌ஷன், எந்த ஷிப்ட் என்பதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

சாட்பாட் தந்த தமிழ் இது:

1. பாதிக்கப்பட்ட பெண் குழுவின் எந்தவொரு உறுப்பினரிடமும் புகார் அளிக்கலாம்.
2. சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும்.
3. உங்கள் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும்.
4. நிரூபிக்க முடியாத புகார் பொய்யானதாகக் கருதப்படாது.
5. உங்களால் எழுத முடியாவிட்டால், உறுப்பினர் உங்களுக்கு உதவுவார்.

நிறுத்திப் படித்துப் பாருங்கள். இலக்கணத்தில் குறை சொல்ல ஏதும் இல்லை. ஆனால் ஐந்து வரியிலும் ஏதோ ஒன்று சரியில்லை.

திருப்பிப் பெயர்ப்பது

மொழிபெயர்த்ததை வேறொருவர் மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிடும் வழக்கம் பழையது. ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற உளவியல் ஆய்வாளர் 1970-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையைத்தான் இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் உயிர்நாடி ஒன்றே ஒன்று: திருப்பிப் பெயர்ப்பவர் மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது. ஆள் செய்தபோது இருந்த இந்த விதிதான் சாட்பாட் காலத்தில் அதிகமாக மீறப்படுகிறது.

நானும் முதலில் மீறினேன். தமிழ் வாங்கிய அதே உரையாடலிலேயே, இதை ஆங்கிலத்தில் திருப்பிக் கொடு என்று தட்டினேன். நான்காவது வரி இப்படி வந்தது:

```
4. A complaint that cannot be proved will not be considered
   false for that reason alone.
```

மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று திருப்தியாகிவிட்டேன். பிறகுதான் தமிழை மறுபடி பார்த்தேன். கடைசியில் இருக்கும் அந்த நான்கு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் எதுவுமே இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் என்ற பொருள் தமிழ் வரியில் எங்கும் கிடையாது. மேலே கிடந்த மூல ஆங்கிலத்திலிருந்துதான் கருவி அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய பரீட்சை மாதிரி.

அதனால் புதிய உரையாடலைத் திறங்கள். முடிந்தால் வேறு நிறுவனத்தின் கருவியையே எடுங்கள். முன்பு பேசியதை நினைவில் வைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். தமிழ் வரிகளை மட்டும் ஒட்டி, இப்படிக் கேளுங்கள்:

```
கீழுள்ள தமிழ் வரிகளைச் சொல்லுக்குச் சொல் நெருக்கமாக
ஆங்கிலத்தில் கொடு. நடையை அழகுபடுத்தாதே.
பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே காட்டு.
ஒரு வரிக்கு இரண்டு பொருள் வந்தால் இரண்டையும் எழுது.
```

இப்படிக் கேட்டபோது கிடைத்தது:

```
1. The affected woman can complain to any member of the committee.
2. The complaint must be given within three months
   of the incident happening.
3. Your identity will be kept secret.
4. A complaint that cannot be proved will not be considered false.
5. If you are not able to write, the member will help you.
```

இப்போது நான்காவது வரியின் ஓட்டை வெளியே வந்துவிட்டது.

கருவியையும் ஒருமுறை சோதிப்பது

பிழையைத் திருத்தாதே என்று சொன்னாலும் சில நேரம் கருவி திருத்திவிடும். தவறாக எழுதியதையும் நாம் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று ஊகித்துச் சரியான ஆங்கிலமாக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றே பிழை வைத்துப் பார்க்க வேண்டும். அறிவிப்பின் நகல் ஒன்றில் இரண்டாம் வரியின் மூன்றை ஆறாக்கினேன். நான்காம் வரியின் கருதப்படாது என்பதைக் கருதப்படும் என்று மாற்றினேன். அதை மட்டும் இன்னொரு புதிய உரையாடலில் கொடுத்தேன். ஆறு மாதம் ஆறாகவே திரும்பி வந்தது. நான்காம் வரியோ, நான் எடுத்துவிட்ட மறுப்பைத் தானே சேர்த்துக்கொண்டு திரும்பியது. அந்தக் கருவியை அத்தோடு விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். அது இரண்டு பிழையையும் காட்டியது. நான் வைத்த பிழையையே காட்டாத கருவியை, நான் வைக்காத பிழைக்கு நம்புவது எப்படி?

ஒப்பிடும்போது எதைப் பார்ப்பது

சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் வேண்டாத இடத்தில் நேரம் போகும். மூலத்தில் இருந்த சொல்லுக்குப் பதில் வேறொரு இணைச்சொல் வந்திருந்தால் கவலை இல்லை. நான் பார்ப்பது ஐந்து: யார் செய்வது, இல்லை என்ற மறுப்பு, எண்ணும் கெடுவும், நிபந்தனை, செய்யலாமா செய்தே ஆக வேண்டுமா என்பது. இந்த ஐந்தில் ஒன்று மாறியிருந்தால் அந்த வரியில் கோடு போடுவேன்.

கோடு போட்ட உடனே தமிழைத் திருத்தக் கிளம்பிவிடக் கூடாது. குற்றம் தமிழிலும் இருக்கலாம், திருப்பிப் பெயர்த்த ஆங்கிலத்திலும் இருக்கலாம். இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவர் தமிழ் வரியோடு வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் இரண்டாம் வரியில் குற்றம் தமிழில்தான். மூலம் சொன்னது காலக்கெடு. தமிழில் வந்த அளிக்க வேண்டும் என்பதைக் காலக்கெடு என்றும் படிக்கலாம், புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டளை என்றும் படிக்கலாம்.

நான்காம் வரியில் விடுபட்டது பெரிய விஷயம். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைக் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் தெரிந்தே பொய்யாகக் கொடுத்த புகார் என்று விசாரணையில் தெரிந்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்பதையும் அதே பிரிவுதான் சொல்கிறது. சாட்பாட் எழுதிய தமிழ், நிரூபிக்க முடியாத எந்தப் புகாரும் பொய் ஆகாது என்று வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கைக் கொடுக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

ஆங்கிலம் காட்டாத இடங்கள்

ஒன்றும் மூன்றும் ஐந்தும் ஒப்பீட்டில் தேறிவிட்டன. ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாட்டை ஆங்கிலத்துக்குத் திருப்பி எப்படிப் பார்க்க முடியும்?

ஐந்தாம் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாது என்பது வேறு, எழுத முடியாது என்பது வேறு. கை சுளுக்கியவருக்கு எழுத முடியாது. பள்ளிக்கூடம் போகாதவருக்கு எழுதத் தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். அதனால் தமிழ் தவறாக இருந்தும் ஆங்கிலம் சரியாகவே திரும்பி வருகிறது. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் இப்படித்தான் மறையும். நாம் விசாரிப்போம் என்றால் படிக்கிறவரையும் சேர்த்தது, நாங்கள் விசாரிப்போம் என்றால் குழு மட்டும். நீ, நீங்கள், தாங்கள் மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுதான். வயசில் சின்னப் பிள்ளையைக்கூட வாங்க, போங்க என்று பேசும் நம் பக்கத்தில், அறிவிப்பில் ஒரே ஓர் இடத்தில் உன் என்று நழுவினாலும் போதும், படிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். இதற்கெல்லாம் ஒரு மனுஷியின் காது வேண்டும்.

யாரிடம் படிக்கக் கொடுப்பது

தமிழ் ஆசிரியரிடம் கொடுத்தால் சந்திப்பிழை திருத்தித் தருவார். ஆபீசில் இருப்பவரிடம் கொடுத்தால் அவருக்கு இந்த அறிவிப்பு நடை பழகிப்போயிருக்கும், உறுத்தாது. யாருக்காக எழுதினோமோ அவர்களில் ஒருவர்தான் படிக்க வேண்டும். ஆங்கில மூலத்தை அவர் பார்த்திருக்கக் கூடாது, குழுவில் இருக்கவும் கூடாது.

நான் கேட்டது செக்கிங் செக்‌ஷனில் பல வருஷமாக இருக்கும் ஓர் அக்காவிடம். ஊர் காங்கேயம் பக்கம். இன்னொருவர் தேனியிலிருந்து வந்து தங்கி ஓவர்லாக் ஓட்டும் பெண். இங்கே வேலை செய்கிறவர்களில் தென்மாவட்டத்துக்காரர்களும் நிறைய. காங்கேயத்துக் காதுக்கு இதமாக இருப்பது தேனிக்கு விளங்காமல் போகலாம். ஒடிசா, பீகார் பெண்களுக்கு அவரவர் மொழியில் தனி அறிவிப்பும், அந்தந்த மொழியில் தனிச் சோதனையும் வேண்டும். தமிழில் தேறியது என்பதால் இந்தியிலும் தேறிவிடாது.

சூப்பர்வைசர் இல்லாத அறையில், வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல் அரை மணி நேரம் உட்கார வைத்தோம். பீஸ் ரேட்டில் இருப்பவர் என்றால் அந்த அரை மணிக்கான காசைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.

எப்படிக் கேட்பது

நல்லா இருக்குதா என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான்: நல்லாத்தானுங்க இருக்குது. முகத்துக்கு நேராக ஒருவர் எழுதியதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

முதலில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறிய இடம், குரல் இறங்கிய இடம், ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்த இடம் எல்லாவற்றையும் உங்கள் தாளில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தாளைத் திருப்பி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இது யார் பேசற மாதிரி இருக்குது? உங்க தங்கச்சிக்கு இதை எப்படிச் சொல்லுவீங்க? இதைப் படிச்சுட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள், நல்ல தமிழ் வரி பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அக்கா படித்து முடித்ததும், "யாரு பேசற மாதிரி இருக்குதுங்கக்கா?" என்று கேட்டேன்.

"போலீஸ் ஸ்டேசன்ல எழுதி ஒட்டியிருப்பாங்கல்ல, அப்படி இருக்குதுங்கம்மிணி."

"யாருக்குச் சொன்ன மாதிரி இருக்குது?"

"நம்மளுக்கு இல்லீங்க. பாதிக்கப்பட்ட பெண்ணுன்னா பேப்பர்ல போடுவாங்கல்ல, அந்தப் புள்ளைங்களத்தானுங்க சொல்றது? அப்புறம் சம்பவம்னு வேற போட்டிருக்குது. சம்பவம்னா வெட்டுக்குத்துங்க. தோள் மேல கை வெக்கறது, ரெட்டை அர்த்தத்துல பேசறது, இதையெல்லாமா போய்ச் சம்பவம்னு சொல்றது?"

நான் எதிர்பார்க்காத இடத்தில் அடி விழுந்தது. இரண்டு சொல்லும் அகராதிப்படி சரி, ஒப்பீட்டிலும் சரி. ஆனால் செய்தித்தாளில் புழங்கிப் புழங்கி அந்தச் சொற்களின் மேல் வேறொரு நிழல் படிந்துவிட்டது. தினமும் தோளில் கை வைக்கப்படும் பெண், இந்த அறிவிப்பு தனக்கு இல்லை என்று நினைத்துக் கடந்து போயிருப்பாள்.

மூன்றாம் வரிக்கு வந்தோம். அடையாளம் என்றதும் தேனிப் பெண் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பிடித்துக்காட்டி, இதையா வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். அக்கா கேட்டது வேறு.

"ரகசியமா வெப்பம்னு போட்டிருக்குதுங்க. செரி. அந்த ஆளுக்குத் தெரியாமயா போயிரும்?"

தெரிந்துவிடும். புகாரின் நகல் ஒன்றை, புகாருக்கு ஆளானவருக்கு ஏழு வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. குழுவில் இருக்கும் எனக்கு அது தெரியும். ஆனால் ஆங்கில மூலத்திலேயே அது இல்லை. இது மொழிபெயர்ப்பின் பிழை இல்லை, மூலத்தின் பிழை. எத்தனை முறை திருப்பிப் பெயர்த்தாலும் இது வெளியே வந்திருக்காது. படிக்கிறவருக்கு இருக்கும் பயம் அந்த வரிக்கு வெளியே இருக்கிறது. இப்படி ஒரு கேள்வி வந்தால் தமிழை மட்டும் ஒட்டுப்போடாமல் மூலத்தையும் திருத்தி, சட்டம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு மேலே போங்கள். நாங்கள் குழுவின் வெளி உறுப்பினரிடம் காட்டினோம்.

திருத்தியதை மறுபடி பெயர்ப்பது

இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். தொனியை இதமாக்கும்போது பொருள் கசிந்துவிடும். இரண்டாம் வரியின் அதட்டலைக் குறைக்க நான் எழுதியது: எப்போது வேண்டுமானாலும் எங்களிடம் சொல்லலாம். கேட்க நன்றாக இருந்தது, அக்காவுக்கும் பிடித்தது. மாற்றிய வரிகளை மட்டும் புதிய உரையாடலில் திருப்பிப் பெயர்த்தபோது மூன்று மாதக் கெடு காணாமல் போயிருந்தது தெரிந்தது. அப்படியே ஒட்டியிருந்தால், அதை நம்பி ஐந்தாம் மாதம் ஒரு பெண் வந்து நின்றிருப்பாள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம், ஆனால் அது குழு எழுத்தில் காரணம் காட்டி எடுக்க வேண்டிய முடிவு. அவள் உரிமையாகக் கேட்க முடியாது.

இரண்டு சுற்று போன பிறகு நின்ற வரிகள்:

1. வேலை செய்யும் இடத்தில் யாராவது உங்களைத் தொட்டாலோ, இரட்டை அர்த்தத்தில் பேசினாலோ, ஆபாசமாக எதையாவது காட்டினாலோ, அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், இந்தக் குழுவில் யாரிடம் வேண்டுமானாலும் நீங்கள் புகார் சொல்லலாம்.
2. நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சொல்லுங்கள். பலமுறை நடந்திருந்தால், கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம்.
3. உங்கள் பெயரையும் நீங்கள் சொன்னதையும் விசாரணைக்கு வெளியே யாரிடமும் சொல்ல மாட்டோம். யார் மேல் புகாரோ அவருக்குப் புகாரின் நகல் போகும்.
4. நிரூபிக்க முடியவில்லை என்கிற ஒரே காரணத்துக்காக உங்கள் புகாரைப் பொய் என்று சொல்ல மாட்டோம்.
5. புகாரை எழுத்தில் தர வேண்டும். எழுதத் தெரியாவிட்டாலும், எழுதத் தயக்கமாக இருந்தாலும், எங்களில் ஒருவர் பக்கத்தில் இருந்து எழுத உதவுவார்.

கொங்குப் பேச்சையே எழுத்தில் போடலாமா என்ற யோசனையும் வந்தது. அக்கா வேண்டாம் என்றார். பேசுவதை அப்படியே எழுதி ஒட்டினால் கேலி செய்கிற மாதிரி இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம், தேனிப் பெண்ணும் தலையாட்டினார். மைக்கில் சொல்லும்போது மட்டும் நம் பேச்சில் சொல்கிறோம். அந்தப் பேச்சு வடிவத்தையும் தனியாக ஒருமுறை திருப்பிப் பெயர்த்துப் பார்த்தேன், ஆனால் ஏனுங்க, சொல்லிப்போடுங்க போன்றவற்றில் கருவி தடுமாறியது. வட்டாரப் பேச்சுக்குத் திருப்பிப் பெயர்த்தலை நான் நம்புவதில்லை, அதற்கு இரண்டு பேர் கேட்டுச் சொல்வதே போதும்.

ஆங்கில மூலம், முதல் தமிழ், திரும்பி வந்த ஆங்கிலம், படித்தவர் சொன்னது, கடைசித் தமிழ் என ஐந்து கட்டங்களாக ஒரே தாளில் எழுதித் தேதி போட்டு வைத்திருக்கிறேன். படித்தவரின் பெயர் அதில் இல்லை. அடுத்த வருஷம் உறுப்பினர் மாறி யாராவது ஒரு சொல்லை மாற்ற நினைத்தால், சம்பவம் என்ற சொல்லை ஏன் எடுத்தோம் என்பது அந்தத் தாளில் இருக்கும்.